நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம்

'டக்' என்று ஒரு சத்தம். அதன் பின்னால் பத்து விநாடி முனகல். மறுபடி 'டக்'. வாட்ச்மேன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே நிறுத்தி, மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். நாற்பத்தைந்துகூட எண்ணி முடிக்கவில்லை, அதற்குள் அடுத்த 'டக்'.

"சாப்பிடும்போதாவது அதை விடுங்க. அது பாட்டுக்குக் கத்திட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி.

எப்படி விடுவது? அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கும் மோட்டார் அறைக்கும் நடுவே ஒரே சுவர். பதினோரு வருஷமாக அந்த நாலு மாடிக் கட்டடத்தின் மோட்டார் அவர் காதுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே தரைத்தொட்டி, பக்கத்தில் மோட்டார், மொட்டைமாடியில் பெரிய டேங்க். டேங்க் நிறைந்ததும் அதற்குள் இருக்கும் மிதவைப் பந்து மேலே எழும்பி, நீர் வரும் வழியை அடைத்துவிடும். அடைத்ததும் குழாயில் அழுத்தம் ஏறும். ஏறியதும் பிரஷர் சுவிட்ச் 'டக்'கென்று மோட்டாரை நிறுத்திவிடும். அழுத்தம் இறங்கினால் திரும்பப் போட்டுவிடும். மனுஷன் கை வைக்கவே வேண்டாம், எல்லாம் தானாக நடக்கும். அதுதான் வினையாகப் போயிற்று. தானாக நடக்கிற ஒன்று கெட்டுப்போனால், பக்கத்தில் இருக்கிற மனுஷன்தான் கெடுத்திருப்பான் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

ஒரு மாதமாக டேங்க் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வழிகிற தண்ணீர் எங்கே விழ வேண்டும்? நாலாம் மாடி பால்கனியில், அதுவும் சங்கச் செயலாளர் காலையில் பேப்பர் படிக்கும் நாற்காலியின் மேல். அவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் மணியடித்துப் பள்ளிக்கூடத்தை ஓட்டியவர், இப்போது அதே கண்டிப்போடு பதினாறு வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். நனைந்த பேப்பரோடு அவர் படியிறங்கி வருகிற ஒவ்வொரு தடவையும் வாட்ச்மேன் மாடிக்கு ஓடுவார், டேங்க் மூடியைத் திறப்பார், உள்ளே கைவிட்டு மிதவைப் பந்தைத் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கப்பென்று நின்றுவிடும். கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, "மிதவை ஜம்முனு வேலை செய்யுது சார். நானே பாத்தேன்" என்று அடித்துச் சொல்வார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, எட்டுத் தடவை சொல்லியிருப்பார். பொய் ஒன்றும் சொல்லவில்லை, பாவம், பார்த்ததைத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஹெட்மாஸ்டர் பூனை மாதிரி பின்னாலேயே ஏறி வந்துவிட்டார். வாட்ச்மேன் முழங்கை வரை டேங்குக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த கோலத்தில் பிடிபட்டார்.

"ஓகோ. இதுதான் சங்கதியா? தினம் இப்படிக் கையை விட்டு நோண்டினா எந்த மிதவைப்பா ஒழுங்கா இருக்கும்?"

"நோண்டல சார், சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"பாத்தது போதும். சாவியக் குடு."

மொட்டைமாடிச் சாவியும் மோட்டார் அறைச் சாவியும் ஒரே வளையத்தில் இருந்தன. அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹெட்மாஸ்டர் நிதானமாகவே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. கட்டடத்தை ஒரு பராமரிப்பு ஏஜென்சியிடம் விட்டுவிடலாம் என்று. ஏஜென்சி ஆட்கள் வந்தால் அந்த அறை அவர்களுக்குத்தான். வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தச் சேதியை மனைவியிடம் சொல்ல வாட்ச்மேனுக்கு மத்தியானம் வரைக்கும் வாய் வரவில்லை. சொன்னபோது அவள் அழவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷம். இந்தச் சுவத்துக்கு நாலு தரம் நான் வெள்ளையடிச்சிருக்கேன். இதை விட்டுட்டு எங்க போறது?" என்றவள், "சரி, அந்தப் பந்தை எப்படிப் பாத்தீங்க? எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

"கையை விட்டு மேல தூக்கினேன். தண்ணி நின்னுடுச்சு. அப்ப மிதவை நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க கையால தூக்கினா எதுதான் மேல வராது? அதுவா தூக்குதான்னு பாத்தீங்களா?"

வாட்ச்மேன் அதைப் பார்க்கவில்லை. ஒரு மாதமாக ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம், அந்த ஒன்றை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. தன் மேலேயே அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"இதை ஏண்டி முதல்லயே சொல்லல?"

"நீங்க முதல்லயே கேட்டீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை அவர் ஹெட்மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். "சாவி வேண்டாம் சார். நீங்களே திறங்க. நீங்களும் கூட நில்லுங்க. நான் எதையும் தொடமாட்டேன், பாத்துட்டு வந்துடலாம்" என்றார். குற்றவாளியே சாட்சியைக் கூப்பிடுகிறானே என்று ஹெட்மாஸ்டருக்கு ஆச்சரியம். கண்கொத்திப் பாம்பாகக் கூடவே வந்தார்.

மூடியைத் திறந்து இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் மட்டம், உபரி வழிகிற குழாயின் வாயைத் தொட்டுக்கொண்டு நின்றது. மிதவைப் பந்து தண்ணீரின் மேல் மிதக்க வேண்டாமா? அது முக்கால்வாசி முங்கி, சோம்பேறி எருமை மாதிரி கிடந்தது. அதை வால்வோடு இணைக்கும் கம்பிக் கை பாதிதான் எழும்பியிருந்தது. வால்வின் வாயிலிருந்து தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

"பந்து ஓட்டை சார். உள்ள தண்ணி பூந்துடுச்சு. பளுவுல மேல வர முடியல" என்றார் வாட்ச்மேன். முந்தின நாள் சாயங்காலமே கடையில் ஒரு புதுப் பந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "கழட்டினா கை கீழ விழுந்துடும், தண்ணி கொட்டும். நீங்க கொஞ்சம் அந்தக் கையைத் தூக்கிப் பிடிங்க சார்."

ஹெட்மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு டேங்குக்குள் கையை விட்டார். தூக்கிப் பிடித்தார். தண்ணீர் கப்பென்று நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்து, துணி காயப்போட வந்தார் இரண்டாம் மாடி அக்கா. முழங்கை வரை டேங்குக்குள் விட்டுக்கொண்டு நிற்கிற செயலாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், நீங்களும் நோண்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

ஹெட்மாஸ்டர் பிடித்த பிடியை விடவில்லை. வாட்ச்மேன் பழைய பந்தைத் திருகி எடுத்து அவர் காதருகே குலுக்கினார். உள்ளே சளக் சளக்கென்று தண்ணீர். மயிரிழை கனத்துக்கு ஒரு வெடிப்பு. புதுப் பந்தைத் திருகி, ஹெட்மாஸ்டரைக் கையை எடுக்கச் சொன்னார். தக்கை மாதிரி துள்ளி எழும்பியது பந்து. கம்பிக் கை மேலே போனது, வால்வு அடைத்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அப்புறம் ஒன்றுமே இல்லை. யாரும் தூக்கவில்லை. அதுவாகத்தான் தூக்கியது.

வாட்ச்மேனுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது. படியிறங்கும்போது ஹெட்மாஸ்டர்கூட "பரவாயில்லப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை கீழ்த்தளம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. மோட்டார் அறையைத் தாண்டும்போது உள்ளே 'டக்'. பத்து விநாடி முனகல். 'டக்'.

"டேங்க்தான் அடைச்சாச்சே. அப்ப இது என்ன?"

"தெரியல சார்."

"ஒரு வியாதிக்கு ஒரு காரணம்தான் இருக்கும். நீ சொன்ன காரணம் இதுன்னா வியாதி போயிருக்கணும். போகல." ஹெட்மாஸ்டர் செல்போனை எடுத்தார். "மோட்டார்காரரை வரச் சொல்றேன்."

வந்தவருக்கு அந்த வட்டாரத்தில் 'மோட்டார் மன்னன்' என்று பெயர். குழாயில் சொட்டினாலும் சரி, கக்கூஸ் அடைத்தாலும் சரி, அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "மோட்டாரை மாத்தணும்" என்பதுதான். இங்கேயும் உள்ளே போனார், மோட்டாரைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "வீக்காயிடுச்சு சார். அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சுக்கத் தெம்பு இல்ல. அதான் நின்னு நின்னு ஓடுது. ஞாயித்துக்கிழமை புதுசோட வரேன்" என்றார். ஹெட்மாஸ்டர் வாட்ச்மேனைப் பார்த்த பார்வையில், வழிய விட்டு வழிய விட்டு மோட்டாரையும் தின்றுவிட்டாயே என்று எழுதியிருந்தது.

"ரெண்டு திருடன் சேர்ந்து வந்திருக்கான் சார். ஒருத்தன் மாட்டிக்கிட்டான். இன்னொருத்தன் உள்ளயே இருக்கான்" என்றார் வாட்ச்மேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவர் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். மனைவி சுண்ணாம்புக் கட்டி எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு 'டக்'குக்கும் சுவரில் ஒரு கோடு. முன்னே முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தரம் போட்டுக்கொண்டிருந்தது, இப்போது நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம். வீடுகளில் எல்லோரும் குளித்து, டேங்க் மறுபடி நிறைந்த பிறகும் நாலு நிமிஷம். அத்தனை பேரும் வெளியே போன மத்தியானத்திலும் அதே நாலு நிமிஷம்.

"மனுஷங்க செலவழிச்சா கூடும், குறையும். இது கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இது வீட்டுச் செலவு இல்ல" என்றார்.

"எங்கயாவது குழாய் ஒழுகுதோ?"

மாடிக்கு ஏறும் குழாயை நாலு மாடியும் கையால் தடவிக்கொண்டே ஏறினார். காய்ந்து கிடந்தது. இறங்கி வந்து மோட்டார் அறையின் ஜன்னல் கம்பியில் காதை வைத்தார். மோட்டார் நின்ற பிறகு, மெல்லிசாக ஒரு 'ஸ்ஸ்ஸ்'. பதினோரு வருஷத்தில் அந்த அறையின் எந்தச் சத்தமும் அவருக்குத் தெரியாததல்ல. இது புதுசு. சத்தம் மோட்டாருக்குள்ளிருந்து வரவில்லை. மோட்டாருக்கு ஒரு சாண் மேலே, குழாயில் கட்டி மாதிரி புடைத்துக்கொண்டிருந்த பித்தளைத் துண்டிலிருந்து வந்தது. ஏறின தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு. உள்ளே ஒரு சின்னக் கதவு. தண்ணீர் மேலே போகும்போது திறக்கும், நின்றதும் சாத்திக்கொள்ளும்.

அவர் எழுந்து வந்து மனைவியின் முன்னால் நின்றார். "புடிச்சிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் மன்னன் புது மோட்டாரை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஹெட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து தீர்மானக் காகிதத்தை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"சார், அதைப் படிக்கறதுக்கு முன்னாடி எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க. மோட்டார் ரூமைத் திறங்க. நீங்க வாட்சைப் பாத்துக்கிட்டு பிரஷர் மீட்டர் முள்ளை மட்டும் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"குடுங்களேன் சார், பத்து நிமிஷம்தானே" என்றார் இரண்டாம் மாடி அக்கா. டேங்குக்குள் கைவிட்ட சங்கதி தெரிந்தவர் சொல்லும்போது ஹெட்மாஸ்டரால் தட்ட முடியவில்லை.

எல்லோரும் மோட்டார் அறை வாசலில் கூடினார்கள். மோட்டார் அப்போதுதான் ஓடி நின்றிருந்தது, மீட்டர் முள் மூன்றரையில் இருந்தது. வாட்ச்மேன் முதலில் மாடிக்குப் போகிற வழியிலிருந்த கேட் வால்வை இறுக மூடினார். "இனிமே மேல இருக்கற டேங்க், மிதவை, குழாய் எதுக்கும் இந்த ரூமுக்கும் சம்பந்தம் இல்ல. கதவைச் சாத்தியாச்சு." பிறகு மோட்டாரின் மெயின் சுவிட்சையே இறக்கினார். "இப்ப மோட்டாரும் ஓடாது. முள் எங்க இருக்கணும் சார்?"

"இருந்த இடத்துலதான் இருக்கணும்."

"நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுதிக்கோங்க."

எழுத ஹெட்மாஸ்டர் காகிதம் தேடினார். கையில் இருந்தது தீர்மானம் ஒன்றுதான். அதையே திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். மூன்றரை. மூன்றே கால். முள் எறும்பு ஊர்வதுபோல இறங்கியது. மூன்று. இரண்டரை. இரண்டைத் தொட்டபோது சுவிட்ச் தனியாக 'டக்'கென்றது, ஓடத்தான் மின்சாரம் இல்லை. "இங்கதான் சார் தினமும் மோட்டார் எழுந்திருக்கும்" என்றார் வாட்ச்மேன். முள் அங்கேயும் நிற்கவில்லை. ஒன்று. அரை. பூஜ்யம்.

"மோட்டார் வீக்குன்னு நான்தான் சொன்னேனே" என்றார் மோட்டார் மன்னன்.

"மோட்டார் ஓடவே இல்லையேண்ணே. தூங்கற ஆளு மேல எப்படிப் பழி போடறீங்க?" வாட்ச்மேன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "மேல வழி மூடியாச்சு. கீழ தரையைத் தொட்டுப் பாருங்க, ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அப்ப தண்ணி எங்க போச்சு? வந்த வழியாவே தரைத்தொட்டிக்குத் திரும்பிப் போகுது. அதைத் தடுக்க வேண்டிய வால்வு தடுக்கல. மிதவையும் கெட்டுப்போச்சு, இதுவும் கெட்டுப்போச்சு. ரெண்டும் ஒண்ணா கெட்டதால ஒண்ணுன்னு நினைச்சோம். நானும்தான் நினைச்சேன்."

ஹெட்மாஸ்டர் காகிதத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். "கழட்டுங்க அதை" என்றார் மோட்டார் மன்னனிடம்.

தரைத்தொட்டியின் வால்வையும் மூடிவிட்டு, மன்னன் முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரைப் போட்டார். பித்தளைத் துண்டு கைக்கு வந்ததும் வாட்ச்மேன் அதை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளேயிருந்த கதவு முழுசாகச் சாத்தவில்லை. இடுக்கில் ஒரு வெள்ளை நாடா. குழாய் மரையில் ஒழுகாமல் இருக்கச் சுற்றுவார்களே, அந்த டேப்தான். ஒரு முழம் நீளத்துக்கு மரையிலிருந்து பிரிந்து உள்ளே போய்ச் சிக்கி, கதவின் ரப்பரில் பள்ளமே பறித்திருந்தது. போன வருஷம் அந்த மரையைச் சுற்றியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மன்னன் முகத்தில் ஈயாடவில்லை.

"பரவாயில்லண்ணே. தாராள மனசோட சுத்தியிருக்கீங்க" என்றாள் வாட்ச்மேன் மனைவி, ரொம்ப மரியாதையாக.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மன்னனும் ஒரு நிமிஷம் விறைத்து நின்றுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே சிரித்துவிட்டார். அட்டைப்பெட்டியைப் பிரித்து, புது மோட்டாருக்கென்று கொண்டுவந்த புது வால்வை எடுத்து, அதன் மேலிருந்த அம்புக்குறி மாடியைப் பார்க்கிறதா என்று இரண்டு தரம் சரிபார்த்து, தன் கையாலேயே பூட்டினார். இந்தத் தடவை டேப்பை அளவாகச் சுற்றினார்.

மூடிய வால்வுகளைத் திறந்து, காற்றை வெளியேற்றி, மெயின் சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் முனகியது, முள் மூன்றரைக்கு ஏறியது, 'டக்'. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாலு நிமிஷம் ஆயிற்று. ஒன்றுமில்லை. எட்டு நிமிஷம் ஆயிற்று. ஒன்றுமில்லை. பத்தாவது நிமிஷத்தில் பாதிப் பேர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்கள். சத்தமே போடாத மோட்டாரை எவ்வளவு நேரம்தான் வேடிக்கை பார்ப்பது? ஹெட்மாஸ்டர் மட்டும் வாட்சும் காகிதமுமாக முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இருபத்து மூன்றாவது நிமிஷம். 'டக்'. மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"பாத்தியா, பாத்தியா" என்று திரும்பினார் ஹெட்மாஸ்டர்.

வாட்ச்மேன் முள்ளை எட்டிப் பார்த்தார். அதற்குள் மாடியிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. அவள் எப்போது ஏறிப் போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"என்னங்க, ரெண்டாம் மாடியில வாஷிங் மெஷினைப் போட்டிருக்காங்க. நானும் நாலாம் மாடி நடைக் குழாயைத் திறந்து விட்டிருக்கேன். டேங்க் இறங்கியிருக்கும். ஓடுதா?"

"ஓடுது" என்று கத்தினார் அவர்.

"அப்ப சரி, மூடிடறேன்."

மோட்டார் விட்டு விட்டு ஓடவில்லை. ஒரே மூச்சாக, டேங்க் நிறைகிறவரைக்கும் ஓடியது. ஓடி முடித்து 'டக்'கென்று நின்றது. முள் மூன்றரையில் போய் உட்கார்ந்தது, அசையவே இல்லை. "இதுதான் சார் அதோட வேலை. தண்ணி கேட்டா குடுக்கணும், கேக்கலன்னா பேசாம இருக்கணும்" என்றார் வாட்ச்மேன்.

நாற்காலியில் இருந்த யாரோ அலுத்துக்கொண்டார்கள். "சார், வெயில் ஏறுது. அந்தத் தீர்மானத்தைப் படிச்சிடுங்க, போகலாம்."

ஹெட்மாஸ்டர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். காகிதத்தின் முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பின்பக்கத்தையே, வகுப்பில் வருகைப் பதிவேடு படிக்கிற அதே குரலில் படித்தார்.

"மூன்றரை. மூன்றே கால். மூன்று. இரண்டரை. இரண்டு. ஒன்று. அரை. பூஜ்யம்." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "அதுக்கப்புறம் மூன்றரை. மூன்றரை. மூன்றரை. மூன்றரை. இருபது தரம் எழுதியிருக்கேன், எல்லாத்தையும் படிக்கல. தீர்மானம் இவ்வளவுதான். முன்பக்கத்துல இருக்கறது தப்பு. நான் எழுதினது, நானே தப்புன்னு சொல்றேன்."

பென்சிலை எடுத்து முன்பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். இரண்டாம் மாடி அக்காதான் முதலில் கை தட்டினார். அப்புறம் மன்னனும் தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். வாட்ச்மேனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை சுத்தமாக இல்லை, விட்டுவிட்டார்.

ஹெட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்தார். கொடுப்பதா, எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல், மோட்டார் அறைக் கதவோரத்து ஆணியில் மாட்டப் போனார். அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்ட வாட்ச்மேன் மனைவி அவர் எதிரே வந்து நின்றாள்.

"அந்த ஆணி இல்ல சார். இது எங்க வீட்டு ஆணியில மாட்டற சாவி" என்று கையை நீட்டினாள்.